மூடி வச்சுக் கேளுங்க!



எனக்கு முன்னாடி பேசின அம்மா, "ஒரு சொல்லைப் பத்துத் தடவை படிச்சா தானா மனசுல ஒட்டிக்கும்"னு சொன்னாங்க. எங்க தெருமுனை மளிகைக்கடைப் பலகையைப் பத்து வருஷமா தினம் பார்க்கிறேன். அதுல உள்ள போன் நம்பரைக் கேட்டா முழிக்கிறேன்! (சிரிப்பு) பார்த்தது குறைச்சலா? இல்லை. பார்க்காமல் ஒருநாளும் சொல்லிப் பார்த்ததில்லை.

நடுவர் அவர்களே, 2008-இல் அமெரிக்காவில் கார்ப்பிக், ரோடிகர் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழிச் சொற்கள் 40. அவற்றைப் பொருளோடு கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தார்கள். 'மஷுவா' என்றால் படகு. முதலில் படிக்கணும், அப்புறம் பொருளை மறைத்துக் கேட்பார்கள். ஒரு சொல்லுக்கு ஒருமுறை சரியாகப் பதில் சொன்ன பிறகுதான் வித்தியாசம். ஒரு குழுவுக்கு அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் படிக்கக் கொடுத்தார்கள், கேட்கவில்லை. இன்னொரு குழுவுக்குப் படிக்கவே கொடுக்காமல், கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டுக் கேட்டால், படித்த குழு நூற்றுக்கு 36. கேட்கப்பட்ட குழு 80! (கைதட்டல்)

இதுல வேடிக்கை என்னன்னா, "அடுத்த வாரம் எத்தனை ஞாபகமிருக்கும்?"னு முன்கூட்டியே கேட்டப்போ எல்லாக் குழுவும் ஏறக்குறைய பாதின்னுதான் சொன்னாங்க. பக்கம் பழகிப்போச்சுன்னா பாடம் தெரிஞ்ச மாதிரியே இருக்கும் ஐயா. அதுதான் ஏமாத்துது.

என் மகள் பிளஸ் ஒன்னில் பிரெஞ்சு எடுத்தாள். இருபது சொல்லை வாசிச்சு வாசிச்சு, "அப்பா, முடிஞ்சுது"ன்னாள். வரிசையாகக் கேட்டேன், மடமடன்னு சொன்னாள். நடுவுல இருந்து, "படகுக்கு என்ன?"ன்னு கேட்டேன். மேலே பார்க்கிறாள், விட்டத்தைப் பார்க்கிறாள்! (சிரிப்பு) அவளுக்குத் தெரிஞ்சது வரிசை, சொல் இல்லை. அன்னைக்கு இருபது துண்டுச் சீட்டு வெட்டினோம். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் பிரெஞ்சு. கலைச்சுப் போட்டுக் கேட்கிறது.

"படிக்காமல் எதைக் கேட்பது?" என்று எதிரணி கேட்கலாம். நியாயம்தான். முதல் வாசிப்பு வேண்டும், யார் மறுத்தது? ஆனால் வாசித்த கையோடு கேட்டால் பிரயோஜனமில்லை, சொல் இன்னும் நாக்கிலேயே இருக்கும். சாப்பிட்டு வந்து கேட்கணும், மறுநாள் கேட்கணும், நாலு நாள் கழிச்சுக் கேட்கணும். வராத சொல்லுக்கு உடனே சீட்டைத் திருப்பிடக்கூடாது, கொஞ்சம் தவிக்கணும். அப்புறம் கட்டாயம் திருப்பிப் பார்க்கணும். பார்க்காமல் விட்டால், தப்பாகச் சொன்னதே தங்கிப் போகவும் வாய்ப்புண்டு. தவறிய சீட்டு அன்றைக்கே மறுபடி கட்டுக்குள் போகணும்.

அந்த 'பத்தோ' என்ற சொல் — படகுதான் — மூணு நாள் அவளுக்கு வரவேயில்லை. நாலாம் நாள் வந்துது. எனக்கே இப்போ மறக்கமாட்டேங்குது, கேட்டவன் நான்தானே! (கைதட்டல்)

நடுவர் மணியைத் தொட்டுட்டார்.