கூட்டம் கூடினோம், என்ன முடிவு எடுத்தோம்?

(தோட்டக் கமிட்டிச் செயலாளர்களுக்கும் மாதர் தலைவிமாருக்கும் நடந்த பயிற்சி வகுப்பில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழியர் ஒருவர் ஆற்றிய உரை)



எங்கள் தோட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்காக என்று ஒவ்வொரு நிறுவைக்கும் 2 கிலோ கழித்தார்கள். அதைப் பற்றிப் பேசக் கமிட்டி கூடினோம். நிகழ்ச்சி நிரலில் மூன்றாவது வரி, "கொழுந்து நிறுவை" என்று இருந்தது. அவ்வளவுதான். வரவேற்புரை, தலைவர் உரை எல்லாம் முடிந்து அந்த வரிக்கு வரவே ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டது. பிறகு ஒவ்வொருவரும் தன் மலையில் நடந்ததைச் சொன்னார்கள். எல்லாம் உண்மை, எல்லாம் வேதனை. இருட்டியதும் பிள்ளைகளுக்குச் சமைக்க வேண்டும் என்று பெண்கள் எழும்பிப் போனார்கள். "அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்" என்று கலைந்தோம்.

செவ்வாய்க்கிழமை துரையோடு பேச்சுவார்த்தை. "நீங்கள் என்னதான் கேட்கிறீர்கள்?" என்றார். ஒருவர், கழிவே வேண்டாம் என்றார். இன்னொருவர், ஒரு கிலோவாகக் குறையுங்கள் என்றார். மூன்றாமவர், தராசே சரியில்லை என்றார். துரை மூன்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டு, "முதலில் உங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். கழிவு இன்னொரு மாதம் தொடர்ந்தது.

அன்று தவறு துரையிடம் மட்டும் இல்லை, நமது நிகழ்ச்சி நிரலிலும் இருந்தது. "கொழுந்து நிறுவை" என்பது ஒரு தலைப்பு. தலைப்பைக் கொடுத்தால் ஆட்கள் பேசுவார்கள். கேள்வியைக் கொடுத்தால்தான் முடிவு எடுப்பார்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த வரியை இப்படி மாற்றி எழுதினோம்:

"வெற்றுச் சாக்கை நிறுத்துப் பார்த்து, வரும் நிறையை மட்டும் கழிக்கும்படி நிர்வாகத்திடம் கேட்பதா? 14 நாளில் பதில் இல்லாவிட்டால் தொழில் அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதுவதா?"

இதற்கு ஆம் அல்லது இல்லை என்று கை தூக்கலாம். கை தூக்க முடியாத வரி எதையும் தீர்மானத்துக்கு என்று நிரலில் போடாதீர்கள்.

இப்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுகிறோம். தீர்மானம் வேண்டியதற்கு "தீ". யோசனை கேட்க மட்டும் உள்ளதற்கு "ஆ", அதாவது ஆலோசனை. அறிவித்தலுக்கு "அ". "தீ" என்று கண்டால் லயத்தில் உள்ளவர்கள், "இதிலே முடிவு எடுக்கப் போறாங்க, நாம கட்டாயம் போகணும்" என்கிறார்கள். நெருப்பு என்று பகிடியும் பண்ணுகிறார்கள். பரவாயில்லை, மறக்க மாட்டார்கள். "அ" என்று போட்டதை வாசித்துவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். அதில் விவாதம் கிடையாது. ஒன்றரை மணித்தியாலக் கூட்டத்தில் இரண்டு "தீ" போதும், மிஞ்சினால் மூன்று. எல்லா வரிக்கும் "தீ" போட்டால் ஒன்றுக்கும் போடாதது மாதிரித்தான்.

அடுத்தது நேரம். முக்கியமான விடயத்துக்கு அதிக நேரம், சின்ன விடயத்துக்குக் குறைந்த நேரம் என்றுதான் நாம் நினைக்கிறோம். அது சரி வராது. எத்தனை பேர் பேசுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நிறுவை விடயத்தில் பத்துப் பேராவது பேசுவார்கள். ஆளுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் 15 நிமிடம். தாளை விளக்க 5, தீர்மானத்தை எழுதி வாசிக்க 5, கை எண்ண 5. மொத்தம் 30 நிமிடம். அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைத்தான் நாம் எப்போதும் மறந்துவிடுகிறோம். பேச்சு முடிந்ததும் முடிவு தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். அதை எழுத, திருத்த, உரக்க வாசிக்கவும் நேரம் வேண்டும்.

நாங்கள் போட்ட நிரல் இது. ஞாயிறு பின்னேரம் 3 மணியிலிருந்து 4.30 வரை, 90 நிமிடம்:

3.00 – வரவு, போன கூட்டத்து முடிவுகளில் யார் எதைச் செய்தார் – 10 நிமிடம்
3.10 – தீ – சாக்குக் கழிவு: மேலே சொன்ன கேள்வி – தாள் 1 – 30 நிமிடம்
3.40 – தீ – கூரைத் தகடு: வந்திருப்பது எட்டு வீட்டுக்கு, கேட்டிருப்பது 23 வீடு. எந்த எட்டு வீடு முதலில்? – தாள் 2 – 20 நிமிடம்
4.00 – ஆ – ஊழியர் சேமலாப நிதிப் பதிவில் பெயர் பிழையாக உள்ளவர்களின் விபரத்தை லயம் லயமாக எப்படித் திரட்டுவது? – 10 நிமிடம்
4.10 – அ – அறிவித்தல்கள் – 5 நிமிடம்
4.15 – வேறு விடயங்கள் – 10 நிமிடம்
4.25 – எடுத்த முடிவுகளை வாசித்தல் – 5 நிமிடம்

கூட்டிப் பாருங்கள், 90 வரும். "தீ" இரண்டும் முன்னால் இருக்கின்றன. நாலு மணிக்குப் பிறகு பெண்கள் வீட்டை நினைக்கத் தொடங்குவார்கள். அதற்கு முன் அவர்கள் கை தூக்கியிருக்க வேண்டும். வரவேற்புரை இல்லை. தலைவருக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். "ரெண்டு வார்த்தைகூடப் பேசக் கூடாதா டீச்சர்?" என்றார். "பேசுங்க மாமா, சாக்குக் கழிவைப் பற்றி முதல்ல நீங்களே பேசுங்க" என்றேன். சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

இப்போது தாள். தாள் இல்லாமல் "தீ" போடாதீர்கள். தகவல் கையில் இல்லாவிட்டால், இருக்கிற நேரம் முழுவதும் தகவலைத் தேடவே போய்விடும். தாள் 1 ஒரே பக்கம். அதில் நாலு பகுதி: என்ன நடக்கிறது, நமது கணக்கு, என்னென்ன வழி, நாம் கேட்கும் தீர்மானம்.

கணக்குக்காகப் பன்னிரண்டு பெண்கள் ஆறு நாள், ஒவ்வொரு நிறுவையிலும் கழித்ததைக் குறித்தார்கள். ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. ஆகவே 216 நிறுவை. எல்லாவற்றிலும் 2 கிலோ. நனைந்த சாக்கைத் தனியாக நிறுத்தபோது ஒரு கிலோவுக்கு மேல் வரவில்லை. அப்படியானால் ஒரு நிறுவைக்கு ஒரு கிலோ, ஒரு நாளைக்கு மூன்று கிலோ, 22 நாள் வேலை செய்தவருக்கு மாதம் 66 கிலோ கொழுந்து கணக்கில் வரவில்லை. இந்த ஓர் எண்ணைப் பார்த்த பிறகு, "என் மலையிலும் இப்படித்தான்" என்று ஒவ்வொருவரும் முதலிலிருந்து சொல்லத் தேவை இருக்கவில்லை. தராசே பிழை என்ற பேச்சுக்கும் அதிலேயே பதில் வந்தது: அது வேறு முறைப்பாடு, அதற்கு வேறு சோதனை வேண்டும் என்று தாளில் ஒரு வரி எழுதியிருந்தோம்.

வழிகள் என்ற பகுதியில் இரண்டு இருந்தன. கழிவே வேண்டாம் என்று கேட்பது ஒன்று. சாக்குக்கு நிறை உண்டுதானே என்று நிர்வாகம் உடனே மறுக்கும். நிறுத்துப் பார்த்துக் கழி என்று கேட்பது மற்றது. மறுக்கக் காரணம் கிடைக்காது. இரண்டையும் நல்லது கெட்டதோடு எழுதினோம்.

தாள் புதன்கிழமையே லயங்களுக்குப் போய்விட வேண்டும். வாசிக்கத் தெரியாத அக்காமாருக்கு வீட்டில் பிள்ளைகள் வாசித்துக் காட்டினார்கள். நானும் என் வகுப்புப் பிள்ளைகளிடம், அம்மாவுக்கு எது புரியவில்லை என்று விசாரித்து இரண்டு வரியைத் திருத்தினேன். ஒரு எச்சரிக்கை: நிரலை எங்கேயும் ஒட்டலாம், தாளைக் கொழுந்து மடுவத்தில் ஒட்டாதீர்கள். நாம் எதை விட்டுக்கொடுப்போம் என்பது பேச்சுவார்த்தைக்கு முன்னமே மறுபக்கத்துக்குத் தெரிந்துவிடும்.

கூட்டத்தில் நேரம் பார்க்கத் தலைவரை விடாதீர்கள். ஓர் இளைஞரிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்து உட்கார வையுங்கள். விடயம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் கையைத் தூக்கினால் போதும். அப்போது தலைவர் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "முடிவெடுக்கத் தேவையானது கையில் இருக்கிறதா?" இருந்தால் தீர்மானத்தை வாசித்துக் கையை எண்ணுங்கள். இல்லாவிட்டால், என்ன குறைகிறது, யார் கொண்டுவருவார், எந்தத் திகதிக்குள் என்று மூன்றையும் எழுதுங்கள். "அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்" என்று மட்டும் எழுதினால் அந்த விடயம் செத்துவிடும். நேரம் கூட்டத்தான் வேண்டும் என்றால், எந்த விடயத்திலிருந்து எடுக்கிறோம் என்று சபையில் சொல்லி எடுங்கள்.

கூரைத் தகட்டில் எங்களுக்கு இது நடந்தது. தாள் 2 என்பது 23 வீட்டின் பட்டியல்: எங்கே ஒழுகுகிறது, கைக்குழந்தை உண்டா, படுக்கையில் நோயாளி உண்டா. தலைவர் வீடும் அதில் இருந்ததால் அந்த இருபது நிமிடத்துக்கு மாதர் தலைவி தலைமை வகித்தார். ஏழு வீட்டுக்கு ஒருமனதாக முடிவு வந்தது. எட்டாவதுக்கு இரண்டு வீடு போட்டி. நேரம் முடிந்தது. வெள்ளிக்கிழமைக்குள் மூன்று பேர் இரண்டு வீட்டையும் போய்ப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும் என்று எழுதிவிட்டு நகர்ந்தோம். ஒரு வீட்டுக்காக மற்ற ஏழு வீடும் மழையில் காத்திருக்கவில்லை.

இந்த முறையிலும் ஆபத்து இருக்கிறது. கடிகாரத்தைக் காட்டி வாயை அடைக்கலாம். மெதுவாகப் பேசுகிறவர்கள், புதிதாகப் பேசுகிறவர்கள் முதலில் அடிபடுவார்கள். அதனால் நிறுவை விடயத்தில் முதல் மூன்று பேச்சும் மலையில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கே என்று வைத்தோம். அந்த வாரம் குளவி கொட்டி யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால் நிரல் காத்திருக்கத்தான் வேண்டும். தொடக்கத்திலேயே அதைச் சேர்த்து, எதை அடுத்த மாதத்துக்குத் தள்ளுகிறோம் என்று சபையைக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. "வேறு விடயங்கள்" என்ற வரியில் எந்தத் தீர்மானமும் எடுக்காதீர்கள். அது நிரலில் இல்லாத விடயம். வராதவர்களுக்கு அது பற்றித் தெரியாது, தெரிந்திருந்தால் வந்திருப்பார்கள். வேலைநிறுத்தம், சந்தா, நிர்வாகிகளை மாற்றுவது போன்றவை அந்த வரியில் வந்தால், எழுதி வைத்து அடுத்த நிரலில் "தீ" போடுங்கள்.

அந்த ஞாயிறு கூட்டம் 4.35க்கு முடிந்தது. அடுத்த பேச்சுவார்த்தைக்கு ஐந்து பேர் போனோம். துரை அதே கேள்வியைக் கேட்டார். பேசியது ஒருவர் மட்டும். கையில் ஒரே தாள். நிறுவை மடுவத்திலேயே வெற்றுச் சாக்கை நிறுத்துப் பார்க்கச் சம்மதித்தார்கள். தராசு முறைப்பாடு இன்னும் முடியவில்லை. அது அடுத்த கூட்டத்து நிரலில் முதலாவது வரி. பக்கத்தில் "தீ" இருக்கிறது.