வரி ஏய்ப்பும் வரித் தவிர்ப்பும்

(காரைக்குடியில் நடைபெற்ற ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



பிப்ரவரி மாதம் வந்தால் நாம் எல்லோரும் வருமான வரிப் படிவத்தோடு உட்காருகிறோம். அப்போது, "வரியைக் குறைத்தாலே தப்புதானே சார்?" என்று ஒருவர் கேட்பார். இன்னொருவர், "எல்லாரும் செய்றதுதானே!" என்பார். இரண்டுமே சரியில்லை. ஏன் என்பதை நம் பக்கத்து ஊரை வைத்தே சொல்கிறேன்.

1948 வரை புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். காரைக்குடியும் மதுரையும் பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தன. இங்குள்ள வருமான வரிச் சட்டம் எல்லைக்கு அப்பால் செல்லாது. இந்த எல்லையை ஒட்டி மதுரை மீனாட்சி மில் மீது இரண்டு வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின.

முதல் வழக்கில், மில் தன் சரக்கைச் சில நிறுவனங்களுக்கு விற்றதாகக் கணக்கு இருந்தது. மறுவிற்பனை லாபம் அந்த நிறுவனங்களின் பெயரில் நின்றது. அவை வெறும் பினாமிகள், லாபம் முழுவதும் மில்லுடையதே என்று வருமான வரித் தீர்ப்பாயம் முடிவு செய்தது. 1956இல் உச்ச நீதிமன்றம் அந்த முடிவில் தலையிடவில்லை. இங்கே தாளில் எழுதிய விற்பனை உண்மையில் நடக்கவில்லை. உண்மையை மறைத்து வரியைக் குறைப்பதுதான் ஏய்ப்பு.

இரண்டாவது வழக்கு வேறு மாதிரி. புதுக்கோட்டையிலிருந்த வங்கிக் கிளையில் பணம் வைப்பாகப் போடப்பட்டது. அதை ஈடாகக் காட்டி அதே வங்கியின் மதுரை அலுவலகத்தில் கடன் பெறப்பட்டது. வைப்பும் உண்மை, கடனும் உண்மை. அந்த வைப்பின் வட்டிக்கு இங்கே வரி உண்டா என்பதுதான் கேள்வி. உயர் நீதிமன்றம் மில்லுக்குச் சாதகமாகச் சொன்னது. 1966இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பணத்தைச் சுற்றுவழியில் இங்கே கொண்டுவரும் ஏற்பாடு இது, ஆகவே வரி உண்டு என்றது. இது தவிர்ப்பு. நடந்ததை மறைக்காமல் சட்டத்தின் இடைவெளியில் நுழைவது. அது செல்லுமா என்று நீதிபதிகளே வேறுபடலாம்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். பழைய வரிமுறையில் இருக்கும் ஆசிரியர் ஒருவர், தாயாரின் வீட்டில் குடியிருந்து மாதம் 8,000 ரூபாய் வாடகையை அவர் வங்கிக் கணக்கில் செலுத்துகிறார். தாயார் அதைத் தம் வருமானத்தில் காட்டுகிறார். வீட்டு வாடகைப் படிக்கு அவர் விலக்குக் கேட்பது சட்டம் தந்த உரிமை. இன்னொருவர் பணமே கொடுக்காமல் அதே தொகைக்கு ரசீது மட்டும் வைக்கிறார். இரண்டு ரசீதும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இரண்டாவது ஏய்ப்பு.

விளைவிலும் வேறுபாடு உண்டு. சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு, விவரங்களை முழுமையாகக் காட்டியிருந்தால், பெரும்பாலும் வரியும் வட்டியும் கட்டினால் போதும். பொய் ரசீதால் 10,000 ரூபாய் வரி குறைந்திருந்தால், வருமான வரிச் சட்டப்படி அந்த வரியோடும் வட்டியோடும் 20,000 ரூபாய் அபராதமும் சேரும்.

ஆகவே படிவத்தில் கையெழுத்திடும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் எழுதியது நடந்ததா?