தோட்டத்தை விட்டு விலகும்போது கைக்கு வரவேண்டிய பணம்
(திம்புள்ள தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஓய்வு பெறும் நாளில் ஆபீஸில் ஒரு தாளை நீட்டி, "இதுதான் உங்கள் கணக்கு, கையெழுத்துப் போடுங்கள்" என்பார்கள். அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்க வேண்டும்.

பணிக்கொடை 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி வரும் பணம். சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் வேறு. அவற்றை இதில் கழிக்க முடியாது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு இது உரித்து. ஓய்வு பெற்றாலும், தானாக விலகினாலும் உண்டு. இறந்துவிட்டால் வாரிசுகளுக்குப் போகும்.

நாட்சம்பளக்காரருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். கடைசி மாதத்தில் எத்தனை பேர் விழுந்தது என்பது இதற்குத் தேவையில்லை. கடைசியாக வாங்கிய நாட்சம்பளம்தான் எல்லா வருடத்துக்கும் அளவு.

ஒரு உதாரணம் போடுவோம். ஓர் அம்மா 1993 ஜூன் 1இல் வேலைக்குச் சேர்ந்து, 2025 டிசம்பர் 31இல் 60 வயதில் ஓய்வு பெறுகிறார். சேவை 32 வருடம் 7 மாதம். 7 மாதம் சேராது, 32 வருடம்தான். நாட்சம்பளம் 1,350 ரூபாய். 14 நாளுக்கு 18,900. அதை 32ஆல் பெருக்கினால் 6,04,800 ரூபாய். 2024 செப்டம்பருக்கு முந்திய 1,000 ரூபாயில் போட்டால் 4,48,000தான். பழைய சம்பளத்தில் கணக்குப் போட்டால் 1,56,800 ரூபாய் பறிபோகும்.

வருடக் கணக்கிலும் பிசகு வரும். தோட்டப் பதிவிலுள்ள திகதியை, சேமலாப நிதிக்குக் காசு கட்டத் தொடங்கிய வருடத்தோடும் பழைய சம்பளத் துண்டுகளோடும் ஒத்துப் பாருங்கள். அனுமதி பெற்ற லீவுக்காகச் சேவை முறியாது.

இந்தப் பணத்தை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அதன்பின் ஒரு மாதம்வரை தாமதித்தால் 10 வீதம் மேலதிகம். நம் உதாரணத்தில் 60,480 ரூபாய். தாமதம் கூடக் கூட வீதமும் ஏறி, 12 மாதம் தாண்டினால் 30 வீதமாகும். தராவிட்டால் தொழில் காரியாலயத்தில் எழுத்தில் முறையிடலாம்.

இனி நோட்டீஸ் சம்பளம். பணிக்கொடைச் சட்டத்தில் அது இல்லை. நியமனக் கடிதத்திலோ ஒப்பந்தத்திலோ எழுதியிருந்தால் கேட்கலாம். வயது வந்து ஓய்வு பெறுபவர் இதை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால், "ஒரு மாதச் சம்பளம் தருகிறோம், நாளையிலிருந்து வராதே" என்று ஒழுக்கக் குற்றம் ஏதுமில்லாமல் நிறுத்தினால், அந்தக் காசு கணக்கை முடிக்காது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி அதற்கு உங்கள் எழுத்துச் சம்மதமோ, தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். நோட்டீஸ் காசு வாங்கியவருக்கும் பணிக்கொடை தனியாக உண்டு.

ஆகவே அந்தத் தாளில் சேவை வருடம், கடைசி நாட்சம்பளம், 14 நாள், அந்த மாதம் வேலை செய்த நாட்களின் பாக்கிச் சம்பளம் எல்லாம் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். மொத்தத் தொகை மட்டும் இருந்தால், விபரத்தை எழுதி வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.