‘அடுத்த தடவை என் முறை’: இத்தாலியில் விருந்துக்கு மறுநாள்

எங்க அந்தியூர்ப் பக்கம் விருந்து சாப்பிட்டுக் கிளம்பும்போது ‘நன்றி’ன்னு சொன்னா அன்னியமாத் தெரியும். “சாப்பாடு அருமைங்க, ஒருநாளைக்கு நீங்களும் நம்ம ஊட்டுக்கு வரோணும்”னு சொல்லிட்டு வண்டியை எடுத்துருவோம். தேதி சொல்றதில்லை. ஆடியில குருநாதசாமி கோயில் பண்டிகை நெருங்கினாத்தான் “பண்டிகைக்கு வந்துருங்க”ன்னு பேச்சு கெட்டியாகும்.

இத்தாலியிலயும் அந்த இரண்டாவது பாதி அப்படியே உண்டு. நன்றியை மட்டும் வாய்விட்டுச் சொல்லணும், மறுநாள் வாட்ஸாப்ல இன்னொரு தடவை அனுப்பினா இன்னும் நல்லது. இங்கிருந்து தொரினோவுக்குப் படிக்கப் போன தம்பி ஒருத்தர், கூடப் படிக்கிற பொண்ணு வீட்டுல சாப்பிட்டுட்டு வந்து, என்ன அனுப்பறதுன்னு கேட்டார். இப்படி எழுதினோம்:

“சாவோ! கிராட்சியே அங்கோரா பெர் இயேரி சேரா. ஸோனோ ஸ்தாத்தோ பெனிஸ்ஸிமோ, லா பார்மிஜானா எரா ஸ்குயிஸீத்தா. லா ப்ரொஸ்ஸிமா வோல்தா தோக்கா அ மே!”

நேத்து ராத்திரிக்கு மறுபடியும் நன்றி, எனக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு, பார்மிஜானா பிரமாதம், அடுத்த தடவை என் முறை. அவ்வளவுதான். பார்மிஜானாங்கறது கத்தரிக்காயைத் தக்காளிச் சாறு, சீஸோட அடுக்கி அடுப்புல சுட்டெடுக்கறது. பதார்த்தத்தோட பேரைச் சொன்னதுலதான் இது எல்லாருக்கும் அனுப்பற வாழ்த்தா இல்லாம அவங்க வீட்டுக்கான மெசேஜ் ஆகுது. ‘ஸ்தாத்தோ’ ஆண் சொல்றது. பெண் அனுப்பினா ‘ஸ்தாத்தா’ன்னு மாத்தணும்.

கடைசி வரியிலதான் விஷயமே இருக்கு. ‘தோக்கா’வுக்கு நேர் அர்த்தம் ‘தொடுது’. சீட்டாட்டத்துல “உன் முறை”ன்னு சொல்லவும் இதே சொல்தான். அதனால கடன் தீர்க்கிற தொனி வராம, விளையாட்டுல அடுத்த கை போடற மாதிரி இருக்கும். தம்பி முதல்ல ‘வர்ற சனிக்கிழமை’ன்னு சேர்த்திருந்தார், எடுக்கச் சொன்னேன். தேதி போட்டா அது குறிப்பு இல்லை, அழைப்பு. அவங்க உடனே சரின்னோ முடியாதுன்னோ சொல்லியாகணும்.

விருந்து வச்சது வயசான அம்மான்னா இந்த மெசேஜ் ஆகாது. ‘சாவோ’ நீ-வா-போ பழக்கத்துக்கானது. அங்க “புவோன்ஜோர்னோ, சிஞ்ஞோரா”ன்னு ஆரம்பிச்சு, “ஸ்பேரோ தி பொத்தேர் ரிகாம்பியாரே ப்ரெஸ்தோ”ன்னு முடிக்கலாம். சீக்கிரமே பதிலுக்குச் செய்ய முடியும்னு நம்பறேன்னு அர்த்தம். நம்ம ‘ங்க’ செய்யற வேலையை அங்க இந்த வாக்கியம் செய்யுது.

பதிலைக் கவனிக்கணும். வெறும் ‘ஃபிகூராதி’ன்னு வந்தா ‘அட, இதுக்கென்ன’ன்னு அர்த்தம். அதோட விட்டுரலாம். ‘வொலென்தியேரி’ன்னு வந்தா ‘சந்தோஷமா வர்றேன்’. தேதி பேச வேண்டிய நேரம் அப்பத்தான்.

தம்பிக்கு வந்தது ‘வொலென்தியேரி! குவாந்தோ?’, எப்பன்னு கேட்டிருக்காங்க. அரிசிம்பருப்புச் சோறு ஆக்கப்போறாராம். தொரினோவுல துவரம்பருப்பு தேடிட்டு இருக்கார்.