களஞ்சியத்தில் என்ன செய்தீர்கள்? விண்ணப்ப மின்னஞ்சலில் எழுத வேண்டிய இரண்டு விடயங்கள்

(வவுனியாவில் வேலை தேடும் இளைஞர் யுவதிகளுக்காக நடத்தப்பட்ட ஒருநாள் பயிற்சியில் எமது தொடர்பாடல் அலுவலர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் சுயவிபரக்கோவை பற்றிப் பேசினார்கள். நான் அதைப் பற்றிப் பேசப் போவதில்லை. அந்தக் கோவையை இணைத்து அனுப்பும் மின்னஞ்சலில், உள்ளே நாம் எழுதும் நாலைந்து வரிகளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பலர் அந்த இடத்தில் "இத்துடன் எனது சுயவிபரக்கோவையை இணைத்துள்ளேன்" என்று மட்டும் எழுதி விடுகிறார்கள். இன்னும் சிலர் ஒன்றுமே எழுதுவதில்லை, வெறும் கோவைதான் வந்து சேரும்.

எங்கள் அலுவலகத்தில் ஆட்சேர்ப்பு நடக்கும்போது விண்ணப்பங்களை முதலில் பிரித்து வைக்கும் வேலையில் நானும் உதவியிருக்கிறேன். அதனால் மற்றப் பக்கத்தில் இருந்து பார்த்த அனுபவம் உண்டு. ஒரு களஞ்சிய உதவியாளர் வெற்றிடத்துக்கு அறுபதுக்கு மேல் மின்னஞ்சல் வந்தது. அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே வசனம்: "எனக்கு வழங்கப்பட்ட கடமைகளைத் திறம்படச் செய்தேன்." அறுபது பேரும் அதை எழுதினால் அந்த வசனத்தை வைத்து ஒருவரையும் தெரிவு செய்ய முடியாது. இணைப்பைத் திறப்பதா, அடுத்த கடிதத்துக்குப் போவதா என்பதை வாசிப்பவர் அந்தச் சில வரிகளிலேயே முடிவு செய்கிறார். பல நேரம் கைத்தொலைபேசியில்தான் வாசிக்கிறார்.

சென்ற வருடம் எங்கள் தகவல் நிலையத்துக்கு ஒரு தங்கச்சி வந்தா. கிளிநொச்சியில் ஒரு நிறுவனத்தின் களஞ்சியத்தில் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். உயர்தரம் வரை படித்தவ. இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் நலன்புரி நிலையத்தின் களஞ்சியத்தில் பத்து மாதம் வேலை செய்திருக்கிறா. ஆனால் கையில் ஒரு சேவைக் கடிதமும் இல்லை. அந்த நிலையம் மூடப்பட்டு விட்டது, வேலை கொடுத்த நிறுவனமும் மாவட்டத்தை விட்டுப் போய்விட்டது. உங்களில் பலருக்கும் இதே நிலைதான் என்று தெரியும்.

அவ எழுதிக் கொண்டு வந்தது இதுதான்: "நலன்புரி நிலையக் களஞ்சியத்தில் பதிவேடு பேணுதல், குடும்ப அட்டைகளைச் சரிபார்த்தல், உலர் உணவு பகிர்தல், இருப்புக் கணக்கு வைத்தல் ஆகிய கடமைகளைச் செய்தேன்."

இதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் இது அந்தக் கதிரையில் யார் இருந்தாலும் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல். அந்தத் தங்கச்சி இருந்ததால் என்ன நடந்தது என்பது இதில் இல்லை.

நான் கேட்டேன், "எத்தனை குடும்பம்?" என்று. "நிறையக் குடும்பம், மிஸ்" என்றா. "இருநூறா, ஐந்நூறா?" தெரியாது. பதிவேடு கையில் இல்லை, எப்படிச் சொல்வது என்று கேட்டா. பிறகு, பதிவேடு எப்படி இருந்தது என்று கேட்டேன். அது உடனே வந்தது. சீ.ஆர். கொப்பி, ஒரு பக்கத்துக்கு முப்பது பெயர், ஆறு பக்கம் நிறைந்து ஏழாவது பக்கம் பாதி வரை போயிருந்தது. ஆறு முப்பது 180. பாதிப் பக்கம் இன்னும் ஒரு பதினைந்து. அப்படியென்றால் 195 குடும்பம் அளவில். நான் கலைப் பட்டதாரி, கணக்கு எனக்கும் தூரம்தான். ஆனால் இந்தளவு கணக்குப் போதும். பாதிப் பக்கம் என்பது கண் மதிப்பு என்பதால் "190க்கும் மேற்பட்ட" என்று எழுதத் தீர்மானித்தோம். தொலைந்து போன பதிவேட்டில் இருந்த எண் இப்படித்தான் திரும்பி வரும். எண்ணை நேராகத் தேட வேண்டாம், அந்த எண் இருந்த பொருளை நினைத்துப் பாருங்கள். கொப்பியின் பக்கம், லொறியில் வந்த மூடை, பாய் விரித்த வரிசை, கிழமையில் எத்தனை நாள்.

அடுத்ததாக, "நீங்கள் வந்த பிறகு அங்கே ஏதாவது மாறியதா?" என்று கேட்டேன். இல்லை என்றுதான் முதலில் சொன்னா. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கதை வந்தது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை பகிர்வு. முன்பு எல்லாரும் காலையில் ஒன்றாக வந்து நிற்பார்கள். அட்டையை நீட்டியவரின் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கொப்பியை முன்னும் பின்னும் புரட்ட வேண்டும். நேரம் போனது பொருள் நிறுப்பதில் அல்ல, பெயர் தேடுவதில். அதனால் பகிர்வு முடிய இரண்டு நாள் ஆகும். தங்கச்சி ஒவ்வொரு குடும்ப அட்டையின் மூலையிலும் பக்க இலக்கத்தையும் வரி இலக்கத்தையும் பேனையால் எழுதி விட்டா. பிறகு பக்க ஒழுங்கில் அழைத்தார்கள், ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு பக்கம். எட்டு மணிக்கு முதலாம் பக்கம், இரண்டு மணிக்கு ஏழாம் பக்கம். மூன்று மணிக்கு முன் எல்லாம் முடிந்தது.

இது அவவுக்கு ஒரு சாதனையாகவே தெரியவில்லை. "அது சும்மா பேனையால எழுதினது" என்றா. நம் பக்கத்தில், குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம், இது ஒரு பெரிய சிக்கல்.

ஆக முதலாவது விடயம் கிடைத்தது. அதில் மூன்று பகுதி இருப்பதைக் கவனியுங்கள்: எவ்வளவு பெரிய வேலை, நீங்கள் செய்த செயல் எது, முன்பு எப்படி இருந்து பின்பு எப்படி ஆனது. நடுவில் உள்ள செயலை விட்டு விட்டால் எண் அந்தரத்தில் நிற்கும். "பகிர்வை ஒரு நாளாகக் குறைத்தேன்" என்றால் எப்படி என்று தெரியாது, வாசிப்பவர் நம்பமாட்டார்.

இரண்டாவதாக, "கணக்கை ஒழுங்காக வைத்தேன்" என்று எழுதியிருந்தா. ஒழுங்காக என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். மாத இறுதியில் நிறுவன அலுவலர் வந்து மூடைகளை எண்ணி இருப்பு அட்டையோடு ஒப்பிடுவாராம். முதல் இரண்டு மாதமும் ஒத்து வரவில்லை. காரணம், பகலெல்லாம் மூடை திறந்து விட்டுப் பின்னேரம் நினைவில் இருந்து அட்டையில் எழுதியது. மூன்றாம் மாதத்தில் இருந்து மூடை திறக்கும்போதே எழுதத் தொடங்கினா. அதற்குப் பிறகு எட்டுக் கணக்கெடுப்பு. ஏழு ஒத்து வந்தது. ஒரு மாதம் ஒரு மூடை சீனி குறைந்தது.

"எட்டும் சரி என்று எழுதுவோமா, மிஸ்?" என்று கேட்டா. வேண்டாம் என்றேன். நேர்முகத் தேர்வில் களஞ்சியம் தெரிந்த ஒருவர் இருப்பார். எலியும் மழையும் உள்ள கூடாரத்தில் எட்டு மாதம் ஒரு மூடையும் பிசகவில்லை என்றால் அவர் சிரிப்பார். எட்டில் ஏழு என்பது எண்ணிப் பார்த்தவர் சொல்லும் எண்.

ஏன் இரண்டு மட்டும்? அந்த வெற்றிட அறிவித்தலில் இரண்டு விடயங்கள்தான் அழுத்திக் கேட்டிருந்தார்கள்: பயனாளிகளுக்குப் பொருள் பகிர்ந்த அனுபவம், இருப்புக் கணக்கு. ஒன்றுக்கு ஒன்று. அவ முகாமில் பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்திருக்கிறா. அது நல்ல விடயம், ஆனால் அது கோவையில் இருக்கட்டும். மின்னஞ்சலில் மூன்று நான்கு என்று கூட்டினால் கைத்தொலைபேசித் திரையில் அது மறுபடியும் பட்டியலாகி விடும்.

கடைசியில் அனுப்பிய மின்னஞ்சல் இது.

விடயம்: களஞ்சிய உதவியாளர் (கிளிநொச்சி) பதவிக்கான விண்ணப்பம்

ஐயா / அம்மணி,

தங்கள் நிறுவனம் கோரியுள்ள களஞ்சிய உதவியாளர் பதவிக்கு விண்ணப்பிக்கிறேன். நலன்புரி நிலையக் களஞ்சியம் ஒன்றில், நால்வர் கொண்ட குழுவில் பதிவேட்டுக்குப் பொறுப்பாகப் பத்து மாதங்கள் பணியாற்றினேன்.

அங்கு 190க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை உலர் உணவு பகிரப்பட்டது. குடும்ப அட்டைகளில் பதிவேட்டின் பக்க இலக்கத்தை எழுதி, பக்க ஒழுங்கில் அழைக்கும் முறையை ஏற்படுத்தினேன். இரண்டு நாட்கள் எடுத்த பகிர்வு ஒரே நாளில் முடிந்தது.

மூடை திறக்கும்போதே இருப்பு அட்டையில் பதியும் முறையைத் தொடங்கினேன். அதன் பின் நடந்த எட்டு மாத இறுதிக் கணக்கெடுப்புகளில் ஏழில் அட்டையும் இருப்பும் ஒத்திருந்தன.

சுயவிபரக்கோவையை இணைத்துள்ளேன். அக்காலத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவரின் தொலைபேசி இலக்கம் அதில் உண்டு.

"நால்வர் கொண்ட குழுவில்" என்பதைப் பாருங்கள். மூடை தூக்கியது, நிறுத்தது மற்ற மூவர். பக்க இலக்கம் எழுதியது தங்கச்சி. குழுவின் வேலையைக் குழுவின் வேலை என்றும், தன் செயலைத் தன் செயல் என்றும் பிரித்து எழுதினால் பிறகு யார் விசாரித்தாலும் பயமில்லை. அந்தப் பொறுப்பாளர் அண்ணாவுக்கு அனுப்புவதற்கு முதல் நாளே அழைத்து, இப்படி எழுதுகிறேன், சரியா என்று கேட்கச் சொன்னேன். கடிதம் இல்லாதவர்களுக்கு அந்த ஒரு தொலைபேசி அழைப்புத்தான் சான்று.

எண் போடச் சொன்னதும் சிலர் வேறு பக்கத்துக்குப் போய் விடுகிறார்கள். தையல் பயிற்சி நடத்திய ஒருவர் "மாணவர் தொகையை 100 வீதம் அதிகரித்தேன்" என்று எழுதியிருந்தார். கேட்டால், ஆறு பேர் பன்னிரண்டு பேர் ஆனார்கள். ஆறு பன்னிரண்டு என்றே எழுதலாம், அதுவே நல்ல விடயம். சிறிய தொகைக்கு வீதம் போட்டால் எதையோ மறைப்பது போல் இருக்கும். இன்னொரு தம்பி வீட்டுத்திட்டத்தில் மேசன் உதவியாளராக இருந்தவர், திட்டத்தின் மொத்த ரூபாவை எழுதியிருந்தார். அந்தப் பணத்தை அவர் தொட்டதே இல்லை. அவர் எத்தனை வீட்டுக்கு அத்திவாரம் போட்டார் என்பதுதான் அவருடைய எண்.

முன்பு பின்பு என்று ஒப்பிட ஒன்றும் இல்லாத வேலைகளும் உண்டு. முன்பள்ளி ஆசிரியை ஒருவர் எத்தனை பிள்ளைகள், எத்தனை மாதம், எத்தனை நாள் வகுப்பு நின்றது என்று எழுதினால் போதும். மாற்றம் காட்ட வேண்டும் என்பதற்காக இல்லாத மாற்றத்தை உருவாக்க வேண்டாம்.

அந்தத் தங்கச்சியை நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள். முதல் கேள்வியே, அந்த எட்டாவது மாதம் என்ன நடந்தது என்பதுதானாம். மழைத் தண்ணீர் கூடாரத்துக்குள் வந்து அடியில் இருந்த சீனி மூடை கரைந்து விட்டது, தான் வராத நாளில் அதை வெளியே எறிந்தவர்கள் அட்டையில் எழுதவில்லை என்று சொல்லியிருக்கிறா. பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். மூடைகளுக்கு அடியில் பலகை வைத்தோம், பழுதான பொருளுக்குத் தனிப் பக்கம் போட்டுப் பொறுப்பாளரின் கையொப்பம் வாங்கினோம் என்றா. அன்று அந்த வேலை சாரதி அனுமதிப்பத்திரம் இருந்த இன்னொருவருக்குப் போனது. நான்கு மாதம் கழித்து அதே களஞ்சியத்தில் இன்னொரு வெற்றிடம் வந்தபோது அவவைத் தொலைபேசியில் அழைத்தார்கள்.

இப்போது தேநீர் வருகிறது. குடித்து விட்டு ஒரு தாளில் நீங்கள் கடைசியாகச் செய்த வேலையில் கையாண்ட ஒரு கொப்பியை, அட்டையை அல்லது பெட்டியை எழுதுங்கள். அதில் எத்தனை வரி, எத்தனை தடவை திறந்தீர்கள் என்று போடுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து "எப்படித் தெரியும்?" என்று கேட்கச் சொல்லுங்கள். நான் ஒவ்வொரு மேசைக்கும் வருகிறேன்.