மேஸ்திரி டேப் வச்சு அளந்தா?

நாட்றம்பள்ளியில ஒரு வீட்டு எலிவேஷனை ரெண்டர் பண்ணிக் கொடுத்தேன். பால்கனி சுவரைவிட 1 மீட்டர் முன்னால நீட்டியிருக்கும். பெர்ஸ்பெக்டிவ் கேமரா சுவருக்கு 10 மீட்டர் தள்ளி. பால்கனி 9 மீட்டர்லயே இருக்கறதால 11 சதவீதம் பெருசா விழுந்துச்சு. மேஸ்திரி பிரிண்ட்ல டேப் வச்சு, 3 மீட்டர் பால்கனியை 3.3னு குறிச்சுட்டார். கம்பி வெட்டறதுக்கு முன்னாடி பிளானைப் பார்த்ததால தப்பிச்சோம்.

தப்பு என்னோடது. பிளெண்டர்ல கேமராவை Orthographic-க்கு மாத்தினேன். சுவருக்கு நேரா நிக்கணும். Orthographic Scale 10, பட அகலம் 2000 பிக்சல். அப்போ 1 மீட்டருக்கு 200 பிக்சல். 2.1 மீட்டர் கதவு 420 பிக்சல் வந்தா அளவு சரி.

ஆனா இதுல ஆழம் தெரியாது. அதனால வெயிலை முன்பக்கம் மேலிருந்து 45 டிகிரி சாய்ச்சேன். பால்கனி எவ்வளவு நீட்டியிருக்கோ, கீழே சுவர்ல நிழலும் அவ்வளவு இறங்குது.