புறப்படும் முன் ஒப்பந்தத்தை ஒப்பிடுக

(தோட்டச் சமூக மண்டபம் ஒன்றில் ஆற்றிய உரை)



தமிழகத்திலிருந்து இந்நாட்டிற்கு வேலைக்கு வர விரும்பும் உறவினர் சிலர், “முகவர் சொல்வதை நம்பலாமா?” என உங்களிடம் கேட்பதுண்டு. முகவரின் சொல்லை ஒப்பந்தத்தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே புறப்பட வேண்டும் என்று அவர்களுக்குக் கூறுங்கள்.

ஓர் இளைஞருக்கு உணவகத்தில் எட்டு மணி நேர வேலை, மாதம் 2,000 வெள்ளி, இலவசத் தங்குமிடம் என முகவர் வாக்களித்ததாகக் கொள்வோம். தாளிலோ “அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி” என்றிருக்கிறது. இது 2025ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமாகும். எஞ்சிய 300 வெள்ளி மிகைநேர வேலையால் வரவேண்டியது. 1,700 வெள்ளியை 26 நாளாலும், பின்னர் 8 மணியாலும் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 8 வெள்ளி 17 காசு ஆகிறது. மிகைநேரத்திற்கு ஒன்றரை மடங்கு, அதாவது சுமார் 12 வெள்ளி 26 காசு. ஆகவே அந்த 300 வெள்ளிக்காக அவர் மாதம் ஏறத்தாழ 25 மணி நேரம் கூடுதலாக உழைக்க வேண்டும். தங்குமிடத்திற்குப் பிடித்தம் உண்டென்று தாளில் இருந்தால் கைக்கு வருவது மேலும் குறையும். எனவே அடிப்படைச் சம்பளம், வேலை நேரம், பிடித்தம் ஆகிய மூன்றையும் தனித்தனியே படிக்க வேண்டும்.

அடுத்து, இரண்டாம் ஒப்பந்தம். இங்கு வந்திறங்கியதும் புரியாத மொழியில் வேறொரு தாளை நீட்டிக் கையொப்பம் கேட்பதுண்டு. கடன் வாங்கி வந்தவர் மறுக்க இயலாமல் ஒப்பமிட்டுவிடுகிறார்; முதல் ஒப்பந்தம் மறைந்துபோகிறது. ஆகவே, “அங்கே வேறு தாளில் ஒப்பமிட வேண்டுமா?” என ஊரிலேயே முகவரைக் கேட்க வேண்டும். ஆம் என்றால், அத்தாளை அங்கேயே காட்டச் சொல்ல வேண்டும். முதல் ஒப்பந்தத்தின் படியொன்றை வீட்டிலும், மற்றொன்றை இங்குள்ள உறவினரிடமும் வைத்தல் நலம். பின்னர் முறையிட நேர்ந்தால் அதுவே சான்றாகும்.

விசாவையும் ஒப்பந்தத்தோடு ஒப்பிட வேண்டும். முதலாளியின் பெயரும் தொழிலும் இரண்டிலும் ஒன்றாக இருத்தல் அவசியம். “சுற்றுப்பயணியாக வா, பிறகு மாற்றித் தருகிறோம்” என்று முகவர் கூறினால் புறப்படவே கூடாது. சுற்றுப்பயணியாக வந்தவர் வேலை செய்வது குற்றம். பிடிபடுபவர் முகவரல்லர், தொழிலாளியே.

இறுதியாக, கடப்பிதழ். “முதலாளியிடம் கடப்பிதழை ஒப்படைக்க வேண்டும்” என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருந்தால் அதை நீக்கக் கோர வேண்டும். உரிய அதிகாரமின்றிப் பிறர் கடப்பிதழை வைத்திருப்பது, 1966ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றமாகும். 10,000 வெள்ளி வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ விதிக்கலாம். வேலை அனுமதியைப் புதுப்பிப்பதற்காக அதைக் கொடுக்க நேரிடும். அப்போது திருப்பித் தரும் நாளைக் குறித்த இரசீது பெற வேண்டும். கடப்பிதழின் ஒளிநகல் ஒன்று எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

உறவினர் அடுத்த முறை கேட்கும்போது, ஒப்பந்தத்தின் படியை முதலில் அனுப்பச் சொல்லுங்கள். அதை வரிவரியாகப் படித்து, அவருக்குச் சொல்லப்பட்டதோடு பொருந்துகிறதா எனப் பார்த்துக் கூறுங்கள்.